வாடிக்கையாளர் கண்ட ஓட்டை நம் எந்த மேசையில் நழுவியது? பனியன் கம்பெனிக்கு மூன்று வழிகள்

பையரிடமிருந்து 14 டி-ஷர்ட் திரும்பி வருகிறது. ஒரு துவைப்புக்குப் பிறகு தோளருகே ஓட்டை விழுந்ததாகப் புகார். ஆர்டர் 6,000 பீஸ். கப்பலேறி நான்கு மாதம் ஆகிவிட்டது. அந்த ஆர்டரை ஓட்டிய மூன்று லைனும் இப்போது வேறு ஸ்டைல் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த இடத்தில் பெரும்பாலான கம்பெனிகள் செய்வது ஒன்றுதான்: செக்கிங் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுத் திட்டிவிட்டு, "செக்கிங் பலப்படுத்தப்பட்டது" என்று பையருக்கு மெயில் அனுப்புவது. அடுத்த ஆர்டரிலும் அதே ஓட்டை வரும். அந்த ஓட்டை செக்கிங் மேசையில் கண்ணுக்கே தெரியாத வகை என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

திரும்பி வரும் ஒவ்வொரு பீஸையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போய், எந்தக் கட்டம் அதைக் கவனிக்காமல் விட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அதற்கு எந்த ஏற்பாடு வைப்பது என்பதில்தான் குழப்பம். ஆர்டர் எண்ணும் கார்ட்டன் பட்டியலும் போதுமா? லேபிளில் ஒரு குறியீடு வைத்து பண்டல் சீட்டைச் சேமிப்பதா? அல்லது பீஸுக்குப் பீஸ் கியூ.ஆர். போட்டுவிடுவதா? சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட் ஓட்டும் நடுத்தரக் கம்பெனியை மனதில் வைத்து இந்த மூன்றையும் பார்ப்போம்.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது

ஒரு புகார் பீஸைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். குறை எங்கே உண்டானது? அது முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரியக்கூடிய இடம் எது? அந்த இடத்தில் ஏன் நழுவியது? முதல் கேள்வியோடு நின்றுவிட்டால் ஒரு டெய்லரின் பெயர் கிடைக்கும், அவ்வளவுதான். காணாமல் விட்ட கட்டம் இரண்டாம் கேள்வியில் இருக்கிறது. என்ன மாற்ற வேண்டும் என்பது மூன்றாவதில் இருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு வரக்கூடிய பதில்கள் நான்குதான். அப்படி ஒரு சோதனையே அங்கே இல்லை. சோதனை உண்டு, அன்று செய்யவில்லை. செய்தார்கள், ஆனால் செய்யும் முறையில் அந்தக் குறை தெரியாது. தெரிந்தது, "பரவாயில்லை" என்று விட்டார்கள். நான்குக்கும் மருந்து வேறு. முறை தவறாக இருக்கும் இடத்தில் இன்னும் நான்கு செக்கரை உட்கார வைப்பது வெறும் கூலிச் செலவு.

ஆக, ஒரு ஏற்பாட்டை எடைபோட நான் பார்ப்பது இவை:

- பீஸின் அடையாளம் வாங்கியவர் வீடு வரை போய்த் திரும்பி வருமா? கம்பெனிக்குள் எவ்வளவு அழகான பதிவு இருந்தாலும், கையில் வந்த பீஸை அதோடு இணைக்க முடியாவிட்டால் பயனில்லை.
- எவ்வளவு சிறிய கூட்டமாகச் சுருக்கித் தரும்? 6,000-ல் சந்தேகத்துக்குரியது எத்தனை?
- துணியின் குற்றமா தையலின் குற்றமா என்று பிரித்துக் காட்டுமா?
- தினசரி வேலையில் எவ்வளவு நேரம் தின்னும்? அதோடு, ஆட்கள் அதை உண்மையாகச் செய்வார்களா?

கடைசியில் உள்ளது சின்னக் கேள்வியாகத் தெரியும். பாதி ஏற்பாடுகள் அதில்தான் படுக்கின்றன.

## கையில் உள்ள பீஸே சொல்லும் செய்தி

எந்தப் பதிவையும் புரட்டுமுன் ஓட்டையைப் பார்க்க வேண்டும். ஒரு லென்ஸும் ஒரு டியூப்லைட்டும் போதும்.

ஊசி ஓட்டை தையல் கோட்டின் மேலேயே, ஊசி இறங்கிய புள்ளியில் இருக்கும். அங்கே ஒரு நூல் அறுந்து, அந்தக் கண்ணி மேலும் கீழும் ஓடியிருக்கும். பக்கத்திலேயே அதே வரிசையில் இன்னும் ஒன்றிரண்டு இருக்க வாய்ப்பு அதிகம். பிசிர் வெட்டும்போது கத்தரி பட்ட ஓட்டை தையலுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும். பல நூல்கள் ஒரே நேராக, சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும். நிட்டிங்கில் விழுந்த ஓட்டை டையிங், காம்பாக்டிங் எல்லாம் பார்த்துவிட்டு வந்தது. சுற்றியுள்ள கண்ணிகள் இழுபட்டுப் படிந்திருக்கும், ஓரம் பஞ்சு பறந்து மழுங்கியிருக்கும். அது தையலோடு தொடர்பில்லாமல் எங்கு வேண்டுமானாலும் இருக்கும்.

நம் 14 பீஸை இப்படிப் பிரித்தால் 11 ஊசி ஓட்டை, 2 கத்தரி, 1 நிட்டிங் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "14 ஓட்டைப் புகார்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் மூன்று வெவ்வேறு கட்டங்களின் கதை ஒன்றாகக் குழம்பியிருக்கும்.

அந்த 11-ஐ எடுத்துக்கொள்வோம். ஜெர்சியில் ஊசி நூலுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். முனை கூராக இருந்தாலோ, ஊசி தடிமனாக இருந்தாலோ, முனை மழுங்கிப் பிசிறு தட்டியிருந்தாலோ அது நூலையே அறுத்துவிடும். துணியில் சாஃப்ட்னர் போதாமல் வறண்டு போயிருந்தாலும் நூல் விலகிக் கொடுக்காது; நல்ல ஊசி கூட அறுக்கும். ஆகவே ஒரே ஊசி ஓட்டைக்குத் தையல் லைனும் பொறுப்பாக இருக்கலாம், டையிங் யூனிட்டும் பொறுப்பாக இருக்கலாம். பீஸை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது. எல்லா லைனிலும் ஒரே டையிங் லாட்டில் வந்தால் துணியைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே லைனில் பல லாட்டில் வந்தால் ஊசி. இதைப் பிரித்துக் காட்டும் ஏற்பாடு எது என்பதுதான் கீழே உள்ள ஒப்பீட்டின் மையம்.

இன்னொன்று. அறுந்த நூல் தையலின் இறுக்கத்தில் அப்படியே நிற்கும். மேசையில் விரித்துப் பார்க்கும் செக்கருக்கு அது தெரியவே தெரியாது. இழுத்தாலோ துவைத்தாலோதான் கண்ணி ஓடும்.

## வழி 1: ஆர்டர் எண், கார்ட்டன் பட்டியல்

இது ஏற்கெனவே எல்லோரிடமும் இருப்பது. வாஷ்கேர் லேபிளில் ஆர்டர் எண் அல்லது ஸ்டைல் எண் இருக்கும். பேக்கிங் லிஸ்டில் எந்தக் கார்ட்டனில் எந்த சைஸ் எத்தனை என்று இருக்கும். எண்ட்லைன் செக்கிங் அறிக்கை, ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் அறிக்கை எல்லாம் ஃபைலில் இருக்கும்.

கூடுதல் செலவு பூஜ்யம். ஆனால் கார்ட்டன் எண் என்பது கடைக்குப் பின்னறையில் பெட்டியைப் பிரித்த அன்றே செத்துவிடுகிறது. வாங்கியவர் திருப்பித் தரும் பீஸில் கார்ட்டன் எண் எங்கே இருக்கும்? பையரின் கிடங்கிலேயே குறை கண்டுபிடித்தால் மட்டும் அது உதவும். அப்போதும், சைஸ் கலந்து பேக் செய்யும் ஆர்டரில் ஒரே கார்ட்டனுக்குள் மூன்று லைனின் பீஸும் இருக்கும்.

நம் 11 பீஸுக்கு இந்த வழி தரும் பதில்: "இந்த ஆர்டர்." அதாவது 6,000-ம் சந்தேகம். துணியா தையலா என்று சொல்ல முடியாது. கிடங்கில் மிச்சம் இருப்பதை எல்லாம் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள், அந்தக் கூலியை நம் பில்லில் கழிப்பார்கள். இலவச ஏற்பாட்டின் மறைமுகச் செலவு இதுதான். புகார் வரும் நாள் வரை கணக்கில் தெரியாது.

இந்த வழியில் நடக்கும் இன்னொரு தவறு, ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்மேல் பழி போடுவது. 6,000 பீஸ் லாட்டுக்கு ஏ.கியூ.எல். என்ற மாதிரிச் சோதனை அட்டவணையின் பொது நிலை 2-ன்படி எடுக்கும் மாதிரி 200 பீஸ். மேஜர் குறைக்கு 2.5 என்று வைத்தால் 10 வரை பாஸ், 11-ல் ஃபெயில். ஆர்டரில் 60 பீஸில் ஊசி ஓட்டை இருக்கிறது என்றால் அது 1 சதவீதம். 200 மாதிரியில் சராசரியாக 2 பீஸ் சிக்கும். அந்த இரண்டையும் கண்டுபிடித்தாலும் ஆர்டர் பாஸ்தான். துவைக்காத நிலையில் அந்த இரண்டும் தெரியப்போவதுமில்லை. அங்கே யாரும் தூங்கவில்லை. இந்த மாதிரிக் குறையைப் பிடிப்பதற்கான வலையே அது இல்லை. "காணாமல் விட்ட கட்டம்: ஃபைனல்" என்று ரிஜிஸ்டரில் எழுதுவது எளிது. அப்படி எழுதினால் ஒன்றும் மாறாது.

எப்போது இது போதும்? ஒரே லைன், ஒரே டையிங் லாட், ஆயிரம் பீஸுக்குள் ஆர்டர் என்றால் போதும். ஆர்டர் எண்ணே லைனையும் லாட்டையும் சொல்லிவிடுகிறது. இவர்கள் வேறு எதற்கும் காசு செலவழிக்கத் தேவையில்லை.

## வழி 2: லேபிளில் லே எண், அலமாரியில் பண்டல் சீட்டு

கட்டிங் மேசையில் துணியை அடுக்கி ஒரே தடவையில் வெட்டும் அடுக்கைத்தான் லே என்கிறோம். 60 அடுக்கு, மார்க்கரில் 6 பீஸ் என்றால் ஒரு லே 360 பீஸ். 6,000 பீஸ் ஆர்டர் 17 லேயில் முடியும். ஒவ்வொரு லேயிலும் எந்த ரோல், எந்த டையிங் லாட் போட்டார்கள் என்பது கட்டிங் ரிப்போர்ட்டில் எழுதப்படுகிறது. இங்கே ஒரு விதி மட்டும் சேர்த்தால் போதும்: ஒரு லேயை ஒரே லைனுக்குக் கொடுக்க வேண்டும், பிரிக்கக் கூடாது. ஒரு லேக்குள் இரண்டு லாட்டையும் கலக்கக் கூடாது. அப்போது லே எண் என்ற ஒரே எண் துணியின் லாட்டையும் சொல்லும், தைத்த லைனையும் சொல்லும்.

அந்த எண் பீஸோடு போக வேண்டும். கட்டிங்கில் ஒட்டும் நம்பர் ஸ்டிக்கரை நம்ப முடியாது. பார்ட் மாறாமல் இருப்பதற்காக ஒட்டியது, செக்கிங்கில் உரித்துவிடுவார்கள். உரித்த நிமிடத்திலிருந்து பீஸ் அநாதை. அதனால் சைடு தையலில் வாஷ்கேர் லேபிளோடு சேர்த்துத் தைக்கும் ஒரு விரல் நக அளவு சாட்டின் துண்டில் "14" என்று அச்சிட்டு, கட்டிங்கிலிருந்து பண்டலோடேயே லைனுக்கு அனுப்புவது சரியான வழி. தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டரில் ரெசின் ரிப்பன் போட்டு அச்சிட்டால் துவைத்தாலும் நிற்கும். வேக்ஸ் ரிப்பன் போட்டால் மலிவு, ஆனால் துவைப்பில் போய்விடும். புகார் வரும் பீஸ் எல்லாம் துவைத்த பீஸ்தான் என்பதை மறந்துவிட்டு மலிவைத் தேடினால் வெள்ளைத் துண்டுதான் திரும்பி வரும்.

மறைமுகச் செலவு முதலில் பையரின் ஒப்புதல். லேபிளில் கூடுதலாக ஒரு துண்டு சேர்ப்பதையும் சாம்பிள் கட்டத்திலேயே காட்டி எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ஆர்டர் ஓடும்போது கேட்டால் மறுத்துவிடுவார்கள். லேபிள் துண்டு மாறிப் போவதும் உண்டு. லே 14-ன் துண்டுகள் தீர்ந்துவிட்டது என்று பக்கத்து டெய்லரிடம் 15-ன் துண்டை வாங்கித் தைத்துவிட்டால் பதிவு பொய் சொல்லும். எண்ணி, பண்டலோடு சேர்த்துக் கட்டி, இரண்டு உபரி வைத்து அனுப்பினால் இது குறையும்.

பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது: பண்டல் சீட்டு. 20 பீஸ் பண்டலின் சீட்டில் யார் எந்த வேலை செய்தார் என்று இருக்கிறது. பீஸ் ரேட் கணக்குக்காக எழுதுவது அது. சனிக்கிழமை சம்பளம் போட்டதும் சீட்டு குப்பைக்குப் போகிறது. புகாரோ நான்கு, ஐந்து மாதம் கழித்து வருகிறது. தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் போக ஒரு மாதம், கிடங்கில், கடையில், வாங்கியவர் துவைக்க, திருப்பித் தர என்று நாள் ஓடுகிறது. சீட்டுகளை ஆர்டர் வாரியாகப் பையில் கட்டி ஒரு வருடமாவது வைக்க வேண்டும். இடமும் வேண்டும், "இது எதுக்குங்க?" என்று கேட்கும் அக்கவுண்ட்ஸ்காரரைச் சமாளிக்கவும் வேண்டும்.

இப்போது நம் 11 பீஸ். லேபிள் துண்டுகளைப் பார்த்தால் லே 9-ல் 3, லே 10-ல் 8. கட்டிங் ரிப்போர்ட்டைப் பார்த்தால் 7 முதல் 12 வரை ஆறு லேயும் ஒரே டையிங் லாட். 9-ம் 10-ம் லைன் 3-க்குப் போனவை. 7, 8, 11, 12 மற்ற இரண்டு லைனுக்குப் போனவை. அந்த நான்கு லேயில் ஒரு புகாரும் இல்லை. துணி வறண்டிருந்தால் அங்கேயும் வந்திருக்க வேண்டும். 11 பீஸ் சின்ன எண்ணிக்கைதான், இருந்தாலும் சாய்வு தெளிவு: குற்றம் லைன் 3-ல்.

லைன் 3-ன் பண்டல் சீட்டில் தோள் தைத்தவை இரண்டு ஓவர்லாக் மிஷின்கள். அடுத்தது ஊசி மாற்றும் ரிஜிஸ்டர். முதல் மிஷினில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், லே 9 பாதி ஓடியபோது ஊசி உடைந்து மாற்றப்பட்டிருக்கிறது. லே 10 முடிந்த மாலை மறுபடி மாற்றப்பட்டிருக்கிறது. முதல் மாற்றத்துக்கு நேராக "75" என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஸ்டைலுக்கு ஒப்புக்கொண்ட ஊசி 70, பந்து முனை, பாக்கெட்டில் எஸ்.இ.எஸ். என்று போட்டிருக்கும் வகை. அன்று ஸ்டோரில் அது தீர்ந்து, சாதாரண முனை 75-ஐக் கொடுத்திருக்கிறார்கள். ரிஜிஸ்டரில் அளவுக்குக் கட்டம் இருக்கிறது, முனைக்குக் கட்டமே இல்லை.

மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. உண்டானது தோள் ஓவர்லாக்கில், தவறான ஊசியால். முதன்முதலாகத் தெரியக்கூடிய இடம் இன்லைன் சோதனை: அதே துணியில் இரண்டு அடுக்கு வைத்து ஒரு சாண் நீளம் தைத்து, தையலை இரு பக்கமும் பலமாக இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, பிறகு தையலைப் பிரித்து அறுந்த நூல் உண்டா என்று பார்ப்பது, ஒரு துண்டைத் துவைத்தும் பார்ப்பது. லைன் செட்டிங் அன்று காலையில் இந்தச் சோதனை நடந்து பாஸாகியிருக்கிறது. ஏன் நழுவியது என்றால், நடு ஷிஃப்டில் ஊசி மாற்றினால் மறுபடி செய்ய வேண்டும் என்று விதி இல்லை. ஆக "சோதனையே இல்லை" என்ற வகை. மருந்து இரண்டு வரி: ரிஜிஸ்டரில் முனை என்று ஒரு கட்டம், ஊசி மாறினால் ஒரு சாண் தைத்து இழுத்துப் பார்த்து, அந்தத் துண்டை ரிஜிஸ்டரிலேயே பின் குத்துவது. எண்ட்லைன் செக்கர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

எல்லை எங்கே? லே எண் பீஸை லே வரைதான் கொண்டுபோகும், பண்டல் வரை அல்ல. இரண்டாவது மிஷின் தைத்த பீஸ்கள் எவை என்று தனியாகப் பொறுக்க முடியாது. லே 9-ம் 10-ம் சேர்த்து 720 பீஸையும் பார்க்கச் சொல்ல வேண்டும். 6,000-க்குப் பதில் 720. பையரிடம் "9, 10 என்று துண்டு உள்ளதை மட்டும் பிரியுங்கள்" என்று சொல்ல முடிவதே பெரிய காரியம்.

## வழி 3: பீஸுக்குப் பீஸ் கியூ.ஆர். அல்லது ஆர்.எஃப்.ஐ.டி.

ஒவ்வொரு பீஸுக்கும் தனி எண். ஒவ்வொரு மேசையிலும் ஸ்கேன் செய்தால் யார், எந்த மிஷின், எத்தனை மணி என்று எல்லாம் வரும். நம் கதையில் விடை இன்னும் கூர்மை: லே 9-ல் பாதி 180, லே 10 முழுசும் 360, ஆக 540 பீஸ். தோள் வேலையை இரண்டு மிஷினும் சரிபாதி பகிர்ந்திருந்தால் தவறான ஊசி பட்டவை 270. எந்த 270 என்று எண்ணோடு பட்டியல் போட்டுக் கொடுக்கலாம்.

காகிதத்தில் அழகு. தரையில் என்ன நடக்கும் என்று பாருங்கள். டி-ஷர்ட்டுக்குப் பத்து வேலை என்றால் 6,000 பீஸுக்கு 60,000 ஸ்கேன். ஒன்றுக்கு மூன்று விநாடி என்றாலும் 50 மணி நேரம், அதுவும் பீஸ் ரேட்டில் ஓடும் டெய்லரின் கையிலிருந்து. பண்டல் அளவில் ஸ்கேன் செய்தால் 3,000 ஸ்கேன், இரண்டரை மணி நேரம். ஆனால் அப்போது பீஸ் அளவுத் துல்லியம் போய்விடும். டெய்லர்கள் இதைத் தங்கள் பாணியில் தீர்த்துக்கொள்வார்கள்: சாயங்காலம் ஐந்து பண்டலைச் சேர்த்து ஒரே மூச்சில் ஸ்கேன் செய்வார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும், சம்பளமும் சரியாக வரும். நேரம் மட்டும் பொய்யாகிவிடும். ஊசி மாற்றிய நேரத்தோடு ஒப்பிடும்போதுதான் அந்தப் பொய் வெளியே வரும். அதற்குள் நான்கு மாதம் போயிருக்கும். ஒரு பண்டல் தைக்க ஆகும் நேரத்தைவிடக் குறைந்த இடைவெளியில் அடுத்தடுத்து ஸ்கேன்கள் வந்திருக்கின்றனவா என்று வாரம் ஒருமுறை பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஆல்டர் பீஸ் இன்னொரு ஓட்டை. எண்ட்லைனில் தள்ளிய பீஸ் பிரித்துத் தைக்கத் திரும்பிப் போகும்போது யாரும் ஸ்கேன் செய்வதில்லை. முதல் தடவை தைத்தவர் பெயரே பதிவில் நிற்கும். புகாராக வரும் பீஸ்களில் ஆல்டர் ஆனவை கலந்திருக்கும் என்பதால் இது சாதாரண ஓட்டை இல்லை. தையலை ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுக்கும் கம்பெனியில் ஸ்கேன் சங்கிலி கேட்டைத் தாண்டியதும் அறுந்துவிடும்.

பையரே பீஸுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. கேட்கிறார், அதையே பயன்படுத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். தோன்றுவது சரிதான், ஆனால் அந்தச் சில்லு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விலைச்சீட்டில் இருந்தால் வாங்கியவர் முதல் நாளே கிழித்து எறிந்துவிடுவார். துவைப்புக்குத் தாங்கும் உள் லேபிளில் இருந்தால்தான் நமக்குப் பயன்.

முழுச் சங்கிலிக்கு ஆசைப்படாமல் இரண்டே இடத்தில் ஸ்கேன் செய்வது நடைமுறைக்கு ஒத்து வரும்: எண்ட்லைனில் பாஸ் ஆகும்போது ஒன்று, பேக்கிங்கில் ஒன்று. 12,000 ஸ்கேன், பத்து மணி நேரம். அதையும் டெய்லர் இல்லாமல் செக்கரும் பேக்கரும் செய்வார்கள். எந்த லைன், எந்த மணி நேரம், எந்தச் செக்கர், எந்தக் கார்ட்டன் என்பது உறுதியாகக் கிடைக்கும். அந்த 2 கத்தரி ஓட்டைப் பீஸுக்கு இதுதான் உதவும். எண்ட்லைனில் பாஸ் ஆன பிறகு, பேக்கிங் மேசையில் ஒரு பிசிர் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து யாரோ கத்தரி வைத்திருக்கிறார்கள். கடைசிச் செக்கிங்குக்குப் பின்னால் உண்டான குறை. காணாமல் விட்ட கட்டம் என்று எழுத அங்கே ஒரு கட்டமே இல்லை. மருந்து பேக்கிங் மேசையிலிருந்து கத்தரியை எடுத்துவிட்டு, பிசிர் இருந்தால் செக்கிங்குக்கே திருப்பி அனுப்பச் சொல்வது.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| | ஆர்டர் + கார்ட்டன் | லே எண் துண்டு + பண்டல் சீட்டு | பீஸ் கியூ.ஆர்./ஆர்.எஃப்.ஐ.டி. |
|---|---|---|---|
| வாங்கியவர் கையிலிருந்து திரும்பும் அடையாளம் | ஆர்டர் எண் மட்டும் | லே எண் | பீஸ் எண், உள் லேபிளில் இருந்தால் |
| நம் எடுத்துக்காட்டில் சந்தேகப் பீஸ் | 6,000 | 720 | 270 |
| துணியா தையலா | சொல்லாது | சொல்லும் | சொல்லும், லே எண்ணோடு இணைத்திருந்தால் |
| தினசரி வேலை | இல்லை | லேபிள் அச்சு, சீட்டுச் சேமிப்பு | ஆர்டருக்கு 12,000 முதல் 60,000 ஸ்கேன் |
| எங்கே உடையும் | கடையில் பெட்டி பிரித்ததும் | துண்டு மாறினால், சீட்டு குப்பைக்குப் போனால் | மொத்தமாக ஸ்கேன், ஆல்டர் பீஸ், ஜாப் ஒர்க் |

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். பீஸ் எண் வைத்திருந்தும் கட்டிங்கில் லே எண்ணோடு இணைக்காத கம்பெனிக்கு எந்த மிஷின் என்று தெரியும், எந்த டையிங் லாட் என்று தெரியாது. ஸ்பைராலிட்டி புகார் வரும்போது அந்த இடைவெளி வலிக்கும். துவைத்ததும் சைடு தையல் முன்பக்கம் திரும்பிக்கொள்ளும் குறை அது. நூல் முறுக்கிலும் ஃபினிஷிங்கிலும் உண்டாகிறது. பிடிக்க வேண்டிய இடம் கட்டிங்குக்கு முன் லாட் வாரியாகத் துவைத்துப் பார்க்கும் சோதனை. டெய்லர் எண்ணை வைத்துக்கொண்டு அதில் ஒன்றும் செய்ய முடியாது.

## யாருக்கு எது

இரண்டு லைனுக்கு மேல், ஒரு ஆர்டருக்கு இரண்டு டையிங் லாட்டுக்கு மேல் ஓட்டுபவர்களுக்கு என் தேர்வு இரண்டாவது வழி. 6,000-லிருந்து 720-க்கு இறங்குவது பெரிய தாவல்; 720-லிருந்து 270-க்கு இறங்குவதற்குக் கொடுக்கும் உழைப்போடு பார்த்தால் லாபம் குறைவு. தையலை ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பவர்களுக்கும் இதுவே. ஒரு லேயை ஒரே யூனிட்டுக்குக் கொடுத்தால் அதே எண் அங்கேயும் வேலை செய்யும்.

மூன்றாவது வழி, குழந்தைகள் உடை ஓட்டுபவர்களுக்கு நியாயமானது. அழுத்துப் பட்டன் கழன்றால், ஊசித் துண்டு உள்ளே இருந்துவிட்டால், திரும்பப் பெறும் எண்ணிக்கையில் ஒவ்வொரு நூறும் காசு. அங்கே மெட்டல் டிடெக்டரில் ஒவ்வொரு பீஸும் கடந்ததற்குச் சான்றும் வேண்டும். பையர் உள் லேபிள் சில்லுக்கு ஏற்கெனவே காசு கொடுக்கிறார் என்றாலும் இரண்டு ஸ்கேன் முறையை எடுத்துக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும் புகார் ரிஜிஸ்டர் ஒன்று வேண்டும். ஒரு பீஸுக்கு ஒரு வரி. நம் வழக்கில் ஒரு வரி இப்படி இருக்கும்:

| குறை | லே / லைன் | உண்டானது | முதலில் தெரிந்திருக்க வேண்டியது | ஏன் நழுவியது | மாற்றியது |
|---|---|---|---|---|---|
| தோள் தையலில் ஊசி ஓட்டை | 10 / 3 | ஓவர்லாக், 75 சாதாரண முனை | ஊசி மாற்றியதும் இழுவைச் சோதனை | அப்படிச் சோதனை இல்லை | ரிஜிஸ்டரில் முனைக் கட்டம், துண்டு பின் குத்துதல் |

டெய்லர் பெயருக்கு இதில் கட்டம் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். பெயர் எழுதிப் பிடித்தம் போட ஆரம்பித்த மாதத்திலிருந்து ஊசி உடைந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் பையிலிருந்து சொந்த ஊசி போட்டுக்கொள்வார்கள். உடைந்த துண்டு பீஸுக்குள் இருக்கும், ரிஜிஸ்டர் சுத்தமாக இருக்கும். அதன்பிறகு எந்த லேபிள் துண்டும் உங்களை அந்த மிஷினுக்குக் கூட்டிப் போகாது.

மீதி இருந்த அந்த ஒரு நிட்டிங் ஓட்டைப் பீஸுக்கும் ஒரு வரி எழுதுங்கள். துணிச் செக்கிங்கில் தப்பியது, கட்டிங்கில் தப்பியது, எண்ட்லைனிலும் தப்பியது. ஆனால் முதலில் தெரிந்திருக்க வேண்டிய இடம் ஒன்றுதான், துணிச் செக்கிங். அந்தக் கட்டத்தில் அதை எழுதி நிறுத்துங்கள். ஒரு பீஸை வைத்து எதையும் மாற்ற வேண்டாம். அதே நிட்டிங் யூனிட்டின் ரோலில் இன்னொன்று வரும்போது, அந்த ரோல் செக்கிங் மிஷினில் ஓடியதா, அல்லது அவசரத்தில் நேராகக் கட்டிங்குக்குப் போனதா என்று பார்க்கலாம்.